ஏப்ரல் 22-ஆ, 23-ஆ? பழைய ருஷ்யக் காலண்டர் தேதியை ஒரு நாள் பிசகாமல் மாற்றுவது

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்துக்காக ருஷ்ய எழுத்தாளர்களின் பிறந்தநாள் பட்டியல் ஒன்று தயாரிக்கிறேன். நபோகோவ் பழைய காலண்டர்படி 1899 ஏப்ரல் 10 அன்று பிறந்தார் என்று இருக்கிறது. 13 நாள் கூட்ட வேண்டும் என்றார்கள், கூட்டினால் 23 வருகிறது. ஆனால் சில இடங்களில் 22 என்று போட்டிருக்கிறார்கள். எது சரி? மற்ற எழுத்தாளர்களுக்கும் ஒரு நாள் கூடக் கூடாமல் குறையாமல் எப்படி மாற்றுவது?

பதில்:

22 தான் சரி. உங்களுக்குச் சொன்ன 13 தவறான எண் இல்லை, ஆனால் அது 20-ஆம் நூற்றாண்டுக்கான எண். நபோகோவ் பிறந்தது 1899-ல். அன்றைக்கு இரண்டு காலண்டர்களுக்கும் இடையே இருந்த வித்தியாசம் 12 நாள்தான். நாம் இன்று எந்த நூற்றாண்டில் உட்கார்ந்து மாற்றுகிறோம் என்பது கணக்கிலேயே வராது, குழந்தை பிறந்த அந்த நாளில் வித்தியாசம் எத்தனை என்பது மட்டும்தான் கேள்வி. ருஷ்யத் தேதிகளில் நான் பார்க்கும் ஒரு நாள் பிழைகளில் பெரும்பாலானவை இந்த ஒரே இடத்தில்தான் பிறக்கின்றன.

இந்த வித்தியாசம் ஏன் மாறிக்கொண்டே போகிறது என்று ஒருமுறை புரிந்துவிட்டால் அப்புறம் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். பழைய காலண்டர், அதாவது ஜூலியன், நான்கால் வகுபடும் எல்லா ஆண்டையும் லீப் வருடமாக எடுத்துக்கொள்கிறது. புதியது, அதாவது நாம் இன்று பயன்படுத்தும் கிரெகோரியன், நூற்றாண்டு முடியும் ஆண்டுகளில் 400-ஆல் வகுபடுவதை மட்டும் லீப் வருடமாக ஏற்கிறது. ஆகவே 1700, 1800, 1900 மூன்றிலும் பழைய காலண்டரில் பிப்ரவரி 29 உண்டு, புதியதில் கிடையாது. அப்படி ஒரு பிப்ரவரி 29 வரும்போதெல்லாம் பழைய காலண்டர் இன்னும் ஒரு நாள் பின்தங்குகிறது. 1582-ல் கத்தோலிக்க நாடுகள் சில அக்டோபர் 4-க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று வைத்துக்கொண்டு புதிய காலண்டருக்கு மாறியபோது வித்தியாசம் 10 நாள். 1600 இரண்டிலுமே லீப் வருடம் என்பதால் அப்போது மாற்றமில்லை. 1700-ல் 11 ஆனது, 1800-ல் 12, 1900-ல் 13. 2000 மறுபடியும் இரண்டிலும் லீப் வருடம், அதனால்தான் இன்றும் 13-லேயே நிற்கிறது, 2100 பிப்ரவரி வரை அப்படியே நிற்கும்.

ருஷ்யா இந்தப் பழைய காலண்டரை 1918 வரை வைத்திருந்தது. சோவியத் அரசின் ஆணைப்படி 1918 ஜனவரி 31-க்கு மறுநாள் பிப்ரவரி 14 ஆனது. அதற்கு முன் அங்கே எழுதப்பட்ட சர்ச் பதிவு, பள்ளிச் சான்று, கடிதம் எல்லாவற்றிலும் இருப்பது பழைய தேதி என்றே வைத்துக்கொண்டு தொடங்கலாம். விதிவிலக்குகளைக் கீழே சொல்கிறேன்.

இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது, இதைத் தவறவிட்டால் நூற்றாண்டு சரியாகத் தெரிந்தும் தேதி பிசகும். வித்தியாசம் ஜனவரி 1 அன்று மாறுவதில்லை. அந்தக் கூடுதல் பிப்ரவரி 29 கடந்த பிறகு, பழைய காலண்டரின் மார்ச் 1-லிருந்துதான் மாறுகிறது. அதனால் பழைய கணக்கில் 1900 ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்தவருக்கும் 12 தான் கூட்ட வேண்டும். 1900 என்று கண்ணில் பட்டதும் 13 கூட்டினால் பிழை. காகிதம் பென்சிலோடு போடுவதற்கு வசதியான சூத்திரம் இது:

```
N = y//100 - y//400 - 2
```

இதில் `y` என்பது பழைய காலண்டர் ஆண்டு, `//` என்றால் மீதியை விட்டுவிட்டு வகுப்பது. மாதம் ஜனவரி அல்லது பிப்ரவரி என்றால் மட்டும் `y`-க்கு முந்தைய ஆண்டைப் போட வேண்டும். 1899 ஏப்ரலுக்கு 18 கழித்தல் 4 கழித்தல் 2, விடை 12. 1900 பிப்ரவரிக்கு 1899-ஐப் போடுகிறோம், அதே 12. 1900 மார்ச்சுக்கு 19 கழித்தல் 4 கழித்தல் 2, விடை 13. புஷ்கின் பிறந்த 1799 மே மாதத்துக்கு 17 கழித்தல் 4 கழித்தல் 2, விடை 11.

புஷ்கினை இங்கே சேர்த்ததற்குக் காரணம் உண்டு. அவரை எல்லோரும் 19-ஆம் நூற்றாண்டுக் கவிஞர் என்றே நினைப்பதால் கை தன்னால் 12-ஐக் கூட்டிவிடும், ஜூன் 7 என்று எழுதிவிடுவோம். அவர் பிறந்தது பழைய கணக்கில் 1799 மே 26, அதனோடு 11 கூட்டினால் ஜூன் 6. ருஷ்யாவில் அவர் பிறந்தநாளைக் கொண்டாடுவதும் ஜூன் 6 அன்றுதான்.

சரி, நபோகோவுக்கு வருவோம். ஏப்ரல் 10-ஓடு 12, ஏப்ரல் 22. அப்படியானால் 23 எங்கிருந்து வந்தது? இதை அவரே தன் சுயசரிதையின் முன்னுரையில் விளக்கியிருக்கிறார். அவருக்கு நினைவு தெரிந்து கொண்டாடிய பிறந்தநாள்கள் எல்லாம் 20-ஆம் நூற்றாண்டில் வந்தவை, அப்போது வித்தியாசம் 13 ஆகிவிட்டது. புரட்சிக்குப் பின் குடும்பம் நாட்டை விட்டு வெளியேறி புதிய காலண்டருக்குள் வந்தபோது எல்லோரும், அவர் உட்பட, ஏப்ரல் 10-ஓடு 13-ஐக் கூட்டிவிட்டார்கள். பாஸ்போர்ட்டிலும் ஏப்ரல் 23 என்று ஏறிவிட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஒருவரின் பாஸ்போர்ட்டில் இருக்கிறது, அவரே அப்படித்தான் கொண்டாடினார் என்பதெல்லாம் மாற்றம் சரி என்பதற்குச் சாட்சி ஆகாது. 19-ஆம் நூற்றாண்டில் பிறந்து 1918-க்குப் பிறகும் வாழ்ந்த எவருடைய ஆவணத்திலும் இந்த 13 நுழைந்திருக்கலாம். அப்படிப்பட்ட ஒருவருக்குப் புதிய தேதி மட்டும் கிடைத்து பழைய தேதி கிடைக்கவில்லை என்றால், 12 கழித்தோ 13 கழித்தோ பழைய தேதியை நாமாக உருவாக்கக் கூடாது. யார் எதைக் கூட்டினார்கள் என்பது அந்தத் தாளில் தெரியாது. பிறந்த காலத்துப் பதிவைத் தேடிப் பிடிப்பதுதான் ஒரே வழி.

நீங்கள் இறந்த தேதியையும் சேர்ப்பதாக இருந்தால், ஒரே மனிதருக்கு இரண்டு வித்தியாசங்கள் வரும் என்பதையும் கவனியுங்கள். செகாவ் பழைய கணக்கில் 1860 ஜனவரி 17 பிறந்து 1904 ஜூலை 2 இறந்தார். பிறப்புக்கு 12 கூட்டினால் ஜனவரி 29. இறப்புக்கு 13 கூட்டினால் ஜூலை 15. அவர் இறந்தது ஜெர்மனியில் பாடன்வைலர் என்ற ஊரில், அங்கே ஏற்கனவே புதிய காலண்டர்தான் நடந்துகொண்டிருந்தது, ஆகவே உள்ளூர்க்காரர்களுக்கு அது அன்றே ஜூலை 15. டால்ஸ்டாயும் அப்படித்தான்: 1828 ஆகஸ்ட் 28 என்பது செப்டம்பர் 9, 1910 நவம்பர் 7 என்பது நவம்பர் 20. பல வருடங்களுக்கு முன் ஒரு மொழிபெயர்ப்புத் தொகுப்புக்கு நான் எழுதிய ஆசிரியர் குறிப்பில், பிறப்புக்கும் இறப்புக்கும் ஒரே 13-ஐப் போட்டு அச்சுக்கும் போய்விட்டது. ஒரு வாசகர் கடிதம் எழுதிச் சுட்டிக்காட்டிய பிறகுதான் இந்தக் கணக்கை ஒழுங்காக உட்கார்ந்து படித்தேன்.

இப்போது 1900 பிப்ரவரியை ஒரு முழுக் கணக்காகப் போட்டுப் பார்ப்போம், ஏனென்றால் எல்லாப் பிசகுகளும் கூடி நிற்கும் இடம் அதுதான். பதிவில் 1900 பிப்ரவரி 17 பிறப்பு என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் பிப்ரவரி, எனவே சூத்திரத்தில் 1899, வித்தியாசம் 12. 17-ஓடு 12 கூட்டினால் 29. பிப்ரவரி 29 என்று எழுதலாமா? கூடாது. 29 என்ற எண்ணை இப்போது புதிய காலண்டரின் பிப்ரவரியில் வைத்துப் பார்க்க வேண்டும், அந்த ஆண்டு அந்த மாதத்துக்கு 28 நாள்தான். 28 போக மிச்சம் 1, ஆகவே மார்ச் 1. கூட்டுவது எத்தனை என்பதைப் பழைய தேதி தீர்மானிக்கிறது, கூட்டி வரும் எண் எந்த மாதத்தில் விழுகிறது என்பதைப் புதிய காலண்டரின் மாத நீளம் தீர்மானிக்கிறது. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டால் ஒரு நாள் போய்விடும்.

அதே வரிசையில் கொஞ்சம் மேலே போங்கள். பழைய பிப்ரவரி 28 என்பது 12 கூட்ட 40, அதில் 28 போனால் மார்ச் 12. மறுநாள் பழைய பிப்ரவரி 29, அது மார்ச் 13. அதற்கு மறுநாள் பழைய மார்ச் 1, அது மார்ச் 14, அதாவது வித்தியாசம் 13 ஆகிவிட்டது. புதிய பக்கத்தில் 12, 13, 14 என்று இடைவெளி இல்லாமல் வரிசையாக வருவதைப் பாருங்கள். நாள் என்பது ஒன்றுதான், அதற்கு ஒட்டிய பெயர்தான் இரண்டு. நீங்கள் போட்ட கணக்கில் அடுத்தடுத்த இரண்டு பழைய நாள்கள் ஒரே புதிய தேதியில் விழுந்தாலோ, நடுவில் ஒரு புதிய தேதி காணாமல் போனாலோ, எல்லையில் எங்கோ 12-க்குப் பதில் 13 போட்டிருக்கிறீர்கள் அல்லது மாதத்தின் நீளத்தைத் தவறாக எடுத்திருக்கிறீர்கள்.

விரல் விட்டு எண்ணுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் ஊர் வழக்கத்தில் பதினாறாம் நாள் காரியம் என்றால் நடந்த நாளையும் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவோம். அந்தப் பழக்கத்தில் ஏப்ரல் 10-ஐயே ஒன்று என்று தொடங்கி பன்னிரண்டு எண்ணினால் 21-ல் வந்து நிற்போம். இங்கே எண்ண வேண்டியது மறுநாளிலிருந்து. காலண்டரைப் பார்த்து எண்ணாமல் எண்ணாகக் கூட்டிவிடுவது பாதுகாப்பு.

கணினியில் செய்வதாக இருந்தால் எக்செல் பக்கம் போகாதீர்கள், குறைந்தபட்சம் இந்த வேலைக்கு. 1900-க்கு முந்தைய தேதியை அது தேதியாகவே எடுத்துக்கொள்ளாது. அதோடு, 1900-ஐ லீப் வருடம் என்று எண்ணும் ஒரு பழைய பிழை இன்னும் அதில் இருக்கிறது, முந்தைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக வைத்தது. 1900 பிப்ரவரி 17-ஓடு 12 கூட்டச் சொன்னால் பிப்ரவரி 29 என்று இல்லாத நாள் ஒன்றைக் காட்டும். பைத்தான் தெரிந்தால் இது போதும்:

```python
from datetime import date

def old_to_new(y, m, d):
    a = (14 - m) // 12
    yy = y + 4800 - a
    mm = m + 12 * a - 3
    jdn = d + (153*mm + 2)//5 + 365*yy + yy//4 - 32083
    return date.fromordinal(jdn - 1721425)

print(old_to_new(1899, 4, 10))  # 1899-04-22
print(old_to_new(1900, 2, 17))  # 1900-03-01
print(old_to_new(1900, 2, 29))  # 1900-03-13
```

இதில் 12, 13 என்ற எண்களே இல்லை என்பதுதான் இதன் நல்ல குணம். பழைய தேதியை முதலில் ஜூலியன் நாள் எண்ணாக மாற்றுகிறது. வானியலாளர்கள் ஒவ்வொரு நாளுக்கும் விடாமல் கொடுத்துவரும் வரிசை எண் அது. நபோகோவ் பிறந்த நாளின் எண் 2414767. அப்புறம் அதே எண்ணைப் புதிய காலண்டரில் படிக்கிறது. பழைய தேதியை நேராக `date(1900, 2, 29)` என்று கொடுத்தால் பைத்தான் அப்படி ஒரு நாளே இல்லை என்று மறுத்துவிடும், ஏனென்றால் அதற்குத் தெரிந்தது புதிய காலண்டர் மட்டும்தான். அதனால் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தனித்தனி எண்களாகவே கொடுக்க வேண்டும். எந்த மென்பொருளை நம்புவதற்கு முன்னும் இந்த மூன்று தேதிகளையும் கொடுத்துப் பாருங்கள், மூன்றும் சரியாக வந்தால் மற்றவை வரும்.

மாற்றிய தேதியைச் சரிபார்க்கக் கிழமையைவிட நல்ல கருவி இல்லை. தேதியின் பெயர் எப்படி மாறினாலும் கிழமை மாறுவதில்லை, மாஸ்கோவில் ஞாயிறு என்றால் பெர்லினிலும் ஞாயிறுதான். இதற்கு எல்லோருக்கும் தெரிந்த உதாரணம் ரத்த ஞாயிறு, பீட்டர்ஸ்பர்கில் ஊர்வலம் போன தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்த நாள். பழைய கணக்கில் அது 1905 ஜனவரி 9. 13 கூட்டினால் ஜனவரி 22, அன்று ஞாயிறு. 12 கூட்டியிருந்தால் 21, அது சனிக்கிழமை, பெயரே பொய்த்துப்போகும். ஒரு நாட்குறிப்பிலோ கடிதத்திலோ இன்ன கிழமையில் குழந்தை பிறந்தது என்று ஒரு வரி இருந்தால் அதைப் பொன்னாகப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் பிழையை அது உடனே காட்டிக்கொடுத்துவிடும். பிறப்புப் பதிவில் பொதுவாகக் கிழமை இருக்காது, அதுதான் சிரமம்.

பிறப்புப் பதிவு என்றதும் சொல்ல வேண்டியது, ஒரு நாள் பிழை எல்லாமே காலண்டரால் வருவதில்லை. ருஷ்ய ஆர்த்தடாக்ஸ் சர்ச்சின் பதிவேட்டில் பிறப்புப் பகுதியில் இரண்டு தேதிப் பத்திகள் அடுத்தடுத்து இருக்கும், ஒன்று பிறந்த நாள், மற்றது ஞானஸ்நானம் கொடுத்த நாள். குழந்தைகள் பிழைப்பது நிச்சயமில்லாத காலம் அது, பிறந்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ ஞானஸ்நானம் கொடுப்பது சகஜம். நகல் எடுப்பவர் பத்தி மாற்றிப் படித்தால் வித்தியாசம் ஒன்றிரண்டு நாள்தான் வரும். அப்போது 12-ஆ 13-ஆ என்று நாம் மண்டையை உடைத்துக்கொண்டிருப்போம், தவறு வேறு இடத்தில் இருக்கும். உங்களிடம் இருக்கும் இரண்டு தேதிகளுக்கு ஒரு நாள் வித்தியாசம், பிறந்தவரோ 20-ஆம் நூற்றாண்டுக்காரர் என்றால் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான்.

இன்னொரு வகைப் பதிவு ருஷ்யாவின் ஆட்சியில் இருந்த போலந்துப் பகுதியில் வரும். அங்கே இரண்டு தேதிகளையும் சேர்த்தே எழுதினார்கள், 10/22 ஏப்ரல் என்பது போல. பழையது முதலில், புதியது அடுத்து. அதில் இரண்டாவதாக இருப்பதை எடுத்துக்கொண்டால் போதும், அதோடு மறுபடி கூட்டினால் 12 நாள் தள்ளிப்போய்விடும். இரண்டு தேதிகளுக்கும் இடையே அந்தக் காலத்துக்குரிய 12 அல்லது 13 நாள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள், எழுத்தர் சரியாகக் கணக்கிட்டாரா என்பது தெரிந்துவிடும். ஆனால் அந்தப் பதிவின் தலைப்பில் இருக்கும் தேதி பெற்றோர் வந்து அறிவித்த நாளுக்கு உரியது. குழந்தை பிறந்தது நேற்று என்று உள்ளே ஒரு வார்த்தை இருக்கலாம், அதைப் படிக்காமல் மேலே இருக்கும் தேதியை எடுத்தால் அங்கும் ஒரு நாள் போகும். பின்லாந்து இன்னொரு விதிவிலக்கு. ருஷ்யப் பேரரசுக்குள் இருந்தாலும், ஸ்வீடனின் கீழ் இருந்த காலத்திலேயே 1753-ல் புதிய காலண்டருக்கு மாறியிருந்த அந்த நாடு அதையே தொடர்ந்தது. அங்கே ஒரு லூத்தரன் சர்ச் பதிவேட்டில் இருக்கும் தேதியோடு எதையும் கூட்டக் கூடாது.

ஆண்டு மாறுவதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டிசம்பர் கடைசியில் பிறந்தவர்கள் அடுத்த ஆண்டுக்குள் போய்விடுவார்கள். ராக்கெட் வடிவமைப்பாளர் கரல்யோவ் பழைய கணக்கில் 1906 டிசம்பர் 30, 13 கூட்டினால் 1907 ஜனவரி 12. நாளை மாற்றிவிட்டு ஆண்டை மாற்ற மறந்தால் ஒரு நாள் இல்லை, ஒரு வருடமே பிசகும்.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு எதிர்க்கேள்வி வரலாம், வருவது நியாயம்தான். சர்ச் திருநாள்களுக்கு மட்டும் எல்லாவற்றுக்கும் 13 கூட்டுகிறார்களே, 1755-ல் நடந்ததற்கும் 13 கூட்டுகிறார்களே என்று. மாஸ்கோ பல்கலைக்கழகம் தொடங்கும் ஆணையில் பேரரசி எலிசபெத் கையெழுத்திட்டது பழைய கணக்கில் 1755 ஜனவரி 12, புனித தத்தியானாவின் நாள். அன்றைய வித்தியாசம் 11, ஆகவே கையெழுத்தான நாள் ஜனவரி 23. ஆனால் இன்று மாணவர் தினமாகக் கொண்டாடுவது ஜனவரி 25 அன்று. இரண்டுமே சரி, ஏனென்றால் இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்குப் பதில். ருஷ்ய சர்ச் இன்றும் பழைய காலண்டரிலேயே வாழ்கிறது, அதன் ஜனவரி 12 இந்த ஆண்டு நம் காலண்டரில் எங்கே விழுகிறது என்று கேட்டால் 25. 1755-ல் அந்த நாள் எது என்று கேட்டால் 23. பிறந்த தேதியை மாற்றும்போது நாம் கேட்பது இரண்டாவது கேள்வி.

இந்த இரண்டு கேள்விகளும் கலந்துபோனால் சட்டத்துக்குள்ளேயே பிழை போய் உட்கார்ந்துவிடும். நெப்போலியனோடு நடந்த பரதினோ போர் பழைய கணக்கில் 1812 ஆகஸ்ட் 26. 12 கூட்டினால் செப்டம்பர் 7, பிரெஞ்சுக்காரர்களின் காலண்டரிலும் அது செப்டம்பர் 7 தான். ஆனால் ருஷ்யாவின் ராணுவப் பெருமை நாள்கள் பற்றிய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த நாள் செப்டம்பர் 8 என்று இருக்கிறது, 13 கூட்டியதால். அதனால் ஒரு தேதி அரசின் நினைவு நாள் பட்டியலில் இருக்கிறது என்பதை வைத்துக்கொண்டு உங்கள் கணக்கைத் திருத்தாதீர்கள்.

பட்டியலில் எப்படி எழுதுவது என்றால், என் யோசனை, பதிவில் இருப்பதை இருந்தபடியே ஒரு பத்தியில் வையுங்கள், அது எந்தக் காலண்டர் என்பதை ஒட்டியே எழுதுங்கள், மாற்றிய தேதியை அடுத்த பத்தியில் வையுங்கள். நாளைக்கு யாராவது 23 என்று ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தால் பழைய தேதியைக் காட்டி உடனே கணக்குப் போட்டுவிடலாம். புதியதை மட்டும் வைத்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். குடும்ப வரலாற்று மென்பொருளில் ஏற்றுகிறவர்கள் `@#DJULIAN@ 10 APR 1899` என்று குறித்தால் இது பழைய காலண்டர் என்பது தேதியோடேயே போகும், வேறு மென்பொருளுக்கு மாற்றினாலும் தொலையாது. ருஷ்ய நூல்களில் தேதிக்குப் பக்கத்தில் பழைய பாணி, புதிய பாணி என்பதன் சுருக்கம் இருக்கும், ஆங்கில நூல்களில் ஓ.எஸ்., என்.எஸ். என்று இருக்கும். நூல்களில் அந்தக் குறி இல்லாமல் வரும் ஒற்றைத் தேதியை மாற்றவே மாற்றாதீர்கள், ஏற்கனவே ஒருவர் மாற்றி வைத்ததாக இருக்கலாம்.

உங்கள் பட்டியலுக்கு உடனே தேவைப்படும் சில பெயர்களைப் போட்டே தருகிறேன், சூத்திரத்தை வைத்து நீங்களும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். துர்கேனிவ் 1818 அக்டோபர் 28, அது நவம்பர் 9. தஸ்தயேவ்ஸ்கி 1821 அக்டோபர் 30, அது நவம்பர் 11. இவர்கள் இருவரிலும் அக்டோபருக்கு 31 நாள் என்பதை மறக்க வேண்டாம், 30 என்று நினைத்தால் ஒரு நாள் கூடிவிடும். கார்க்கி 1868 மார்ச் 16, அது மார்ச் 28. மயகோவ்ஸ்கி 1893 ஜூலை 7, அது ஜூலை 19. ஷோலகவ் 1905 மே 11, இவருக்கு மட்டும் 13, அது மே 24. கார்க்கி இறந்த 1936-க்கும் மயகோவ்ஸ்கி இறந்த 1930-க்கும் எதுவும் கூட்ட வேண்டாம், அவை புதிய காலண்டரிலேயே பதிவானவை.